மாப்பிள்ளைத் தோழன் சொன்ன ‘ஆனால்’

பரிசம் போட்ட அன்று, தைப்பிங்கில் வழக்கம்போல, மதியம் நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெண் வீடு அவுலோங்கில். வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் விளிம்பெல்லாம் ஒழுக, வந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு நடுவில் நெருங்கி உட்கார்ந்தார்கள். வெளியே போக வழியில்லை. தட்டு மாற்றியாயிற்று, சாப்பாடும் முடிந்தது. மீதி இருந்த ஒரே விஷயம் மாப்பிள்ளைதான்.

“பையன் கொஞ்சம் கட்டையா இருக்கானே” என்றார் பெண்ணின் அத்தை ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம். மழைச் சத்தத்தில் மெதுவாகப் பேச முடியாது என்பதால் அது எல்லோருக்கும் கேட்டது. “பொண்ணு அஞ்சு ஆறு. இவன் அஞ்சு மூணுதான் இருப்பான்.” இன்னொருவர், “ஹீல்ஸ் போடாம இருந்தா சரியாயிடும்” என்று யோசனை சொன்னார். சரியாகாது. மூன்று அங்குலம் மூன்று அங்குலம்தான். பெண் வெறுங்காலோடு நின்றுதான் ஐந்தடி ஆறு அங்குலம்.

எனக்குக் கோபம் வந்தது அவர்கள்மேல் அல்ல. என் நண்பனின் சொந்தப் பெரியம்மா, அவனைத் தூக்கி வளர்த்தவர், பதில் சொல்வதற்காக எழுந்து, “எங்க பிள்ளை ஹைட்டு கம்மி, கலரும் கம்மிதான். ஆனா தங்கமான பையன்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பேரம் படிந்த மாதிரி இருந்தது. என் நண்பன் தட்டில் இருந்த லட்டைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான். அவனுக்கு இது பழக்கம். இடைநிலைப்பள்ளி அணிவகுப்பில் எப்போதும் முதல் ஆளாக நின்றவன்.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தைப்பிங்கில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் மூன்று அங்குலத்தைக் குறைக்க எத்தனை வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன என்பதை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். ஷூவுக்குள் வைக்கிற ரப்பர் மெத்தையை ஒரு சித்தப்பா வாங்கிக்கொண்டு வந்தார். தாலி கட்டும்போது காலில் ஷூ இருக்காதே என்று யாரோ ஞாபகப்படுத்திய பிறகு அது பரணுக்குப் போனது. ஏரித்தோட்டத்தில் போட்டோ எடுக்கப் போனபோது, போட்டோக்காரர் பெண்ணைத் தூங்குமூஞ்சி மரத்தின் வேரில் உட்கார வைத்து, இவனைப் பின்னால் நிற்க வைத்தார். எல்லாப் படங்களிலும் அவள் உட்கார்ந்துதான் இருக்கிறாள். ஜாதகம் பார்த்த ஐயர் பத்துப் பொருத்தத்தில் ‘ஸ்திரீ தீர்க்கம்’ என்று சொன்னதும் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்க்கம் என்றால் நீளம் இல்லையா? ஆனால் அது பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளையின் நட்சத்திரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்கிற கணக்கு. ஆளின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்துப் பொருத்தத்தில் எதிலும் உயரம் வராது. அந்தப் பதினொன்றாவது பொருத்தத்தை நாமாகத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே இப்போதெல்லாம் கோயிலில் தாலி கட்டினாலும் ராத்திரி மண்டபத்தில் விருந்து வைக்கிறார்கள். மேடை, கேக், ஒலிபெருக்கி, அறிவிப்பாளர், நண்பன் ஒருவனின் பேச்சு. அந்த நண்பன் நான். நான் ஒரு பொறியாளன். ஐந்து வரி மின்னஞ்சல் எழுதவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்பவன். ஆனால் அந்தப் பேச்சை ஒரே இரவில் எழுதிவிட்டேன். கூடாரத்துக்கு அடியில் கேட்ட பேச்சுக்கெல்லாம் மேடையில் பதில் சொல்லப் போகிறேன் என்ற வேகம்.

மூன்று நிமிடம் பேசினேன். கைத்தட்டல் வாங்கிய இடம் இது: “உயரத்த அளக்க ஒரு டேப் போதும். குணத்த அளக்குற டேப் எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்காது. இவன் அஞ்சடி மூணு அங்குலம்தான். ஆனா நான் பார்த்த மனுஷங்கள்ல இவன விட உயரமானவன் யாரும் இல்ல.” பிறகு அவன் நேர்மைக்கு ஒரு உதாரணம் சொன்னேன். பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வில் ஒரு தவற்றை யாரும் கண்டுபிடிக்காதபோதும் அவனே ஒத்துக்கொண்டான், மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை என்றான் என்று. விசில் பறந்தது. அவன் அம்மா அழுதார். மேடையிலிருந்து இறங்கியதும் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “அச்சாணி, தம்பி, அச்சாணி!” என்றார். கூடாரத்து அத்தை பிரியாணியை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவனும் அவன் மனைவியும் என்னை லாருட் மாத்தாங் அங்காடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். செண்டோல் வந்த பிறகு, பேச்சோடு பேச்சாக, அவன் சொன்னான்: “மச்சான், தப்பா எடுத்துக்காத. நீ பேசுற வரைக்கும் மண்டபத்துல பாதிப் பேருக்கு என் ஹைட்டு ஒரு விஷயமே இல்ல. உட்கார்ந்துதானே இருந்தேன். நீ மைக்குல இன்ச் கணக்கோட சொல்லிட்ட.”

நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் மனைவி சிரிக்கவில்லை. “அண்ணா, நீங்க பேசினப்ப எல்லாரும் திரும்பி என்னையத்தான் பார்த்தாங்க. பாவம், குணத்தப் பார்த்துக் கட்டிக்கிச்சுன்னு நினைக்கிற மாதிரி. எனக்கு இவரு சிரிக்கிறது பிடிக்கும். கை பிடிக்கும். பக்கத்துல நடந்து வர்றது பிடிக்கும். அதுக்காகவுந்தான் கட்டிக்கிட்டேன். எல்லாரும் குணம் குணம்னாங்க. ஆளு நல்லா இருக்காருன்னு யாருமே சொல்லலையே.”

அதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை. அதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

என் பேச்சில் பொய் கிடையாது. கெட்ட எண்ணமும் கிடையாது. பிறகு எது தப்பானது? வீட்டுக்கு வந்து கைப்பேசியில் வைத்திருந்த பேச்சைத் திரும்பப் படித்தேன். பிரச்சினை ஒரு சொல்லில் இருந்தது: ‘ஆனா’. “அஞ்சடி மூணு அங்குலம்தான். ஆனா...” பரிசத்தன்று பெரியம்மா சொன்னதும் அதேதான்: “ஹைட்டு கம்மி. ஆனா தங்கமான பையன்.” நான் அவருக்கு மறுப்புச் சொல்லவில்லை. அவர் வாக்கியத்தை நல்ல ஒலிபெருக்கியில், நல்ல உவமையோடு திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

என் வேலையில் நான் தினமும் ‘ஆனால்’ போடுகிறவன். கமுந்திங்கில் நாங்கள் ஒரு பம்ப் வாங்கினால் மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். இது விலை கூட, ஆனால் மின்சாரம் குறைவாக இழுக்கும். அது மலிவு, ஆனால் உதிரிபாகம் கிடைக்காது. அங்கே ‘ஆனால்’ சரியான சொல். ஏனென்றால் விலையும் மின்சாரமும் இரண்டுமே எங்களுக்கு வேண்டியவை, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கலாம். ஒரு குறையை இன்னொரு நிறையால் ஈடுகட்டலாம் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அது குறை என்று பட்டியலில் ஒரு கட்டம் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் அந்தக் கட்டத்தை மேடையில் வரைந்தேன். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு நல்ல குணத்தைக் கொட்டினாலும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். இன்னும் சொன்னால், கொட்டக் கொட்ட, ஈடுகட்ட வேண்டியது அவ்வளவு பெரிதா என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

பிறரைப் புகழ்வதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தவர்களில் அரிஸ்டாட்டில் முக்கியமானவர். பேச்சுக்கலை பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதியில் ஓர் அத்தியாயம் முழுக்கப் புகழ்ச்சியைப் பற்றித்தான். ஒருவனின் செயல்கள் அவன் குணத்துக்கு அடையாளங்கள், அவற்றைக் காட்டித்தான் குணத்தைப் புகழ முடியும் என்பது அவர் கருத்து. நல்ல மாப்பிள்ளைத் தோழன் செய்ய வேண்டியதும் அதுதானே. அவருடைய அறவியல் நூலில் இன்னொன்றும் உண்டு: இயற்கையாகவே அழகில்லாமல் பிறந்தவனை யாரும் குற்றம் சொல்வதில்லை, தன் உடம்பைக் கவனிக்காமல் கெடுத்துக்கொண்டவனைத்தான் குற்றம் சொல்கிறோம் என்று. நம் கையில் உள்ளதற்குத்தான் புகழும் பழியும். படித்தபோது, இதை வைத்துப் பேச்சை ஆரம்பித்திருக்கலாமே என்று தோன்றியது.

அதே அறவியல் நூலில் இன்னும் கொஞ்சம் புரட்டினால், பெருந்தன்மையைப் பற்றிப் பேசும் இடத்தில், அழகுக்குப் பெரிய உடம்பு வேண்டும், குள்ளமானவர்கள் லட்சணமாகவும் அளவாகவும் இருக்கலாமே தவிர அழகானவர்களாக இருக்க முடியாது என்று போகிற போக்கில் எழுதி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட 2,300 வருடத்துக்கு முன்னால், அவுலோங் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி! எனக்கு முதலில் சிரிப்பு, பிறகு ஒரு மாதிரி ஆறுதல். குணத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த மனிதரே உயரத்தைத் தனியாக ஒரு கணக்கில் வைத்திருக்கிறார். பழிக்கக் கூடாது என்று சொன்னாலும், அழகு இல்லை என்ற தீர்ப்பை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. என் பேச்சும் அதேதான். “இவனைக் குறை சொல்லாதீங்க” என்று கேட்டேனே ஒழிய, “இதுல குறை எங்க இருக்கு?” என்று கேட்கவில்லை.

உயரம் நம் கையில் இல்லை என்பதைக் கூட நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பெரும்பகுதி பெற்றோரிடமிருந்து வருவது. மீதி, சின்ன வயதில் சாப்பிட்ட சாப்பாட்டிலும் வந்த நோயிலும் இருக்கிறது. தென்கொரியாவில் ஒரு நூற்றாண்டுக்குள் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 செ.மீ. கூடியிருக்கிறது. மரபணு நூறு வருடத்தில் மாறிவிடாது, சாப்பாடு மாறியது. என் நண்பனின் அம்மா சிலாமா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கூடாரத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேரின் அம்மாக்களும் அப்படித்தான். வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்தால் நம் தாத்தாக்கள் யாரும் நெட்டை கிடையாது. அவர்களுக்குக் கிடைத்த சாப்பாடு அவ்வளவுதான். அதைப் பேரனிடம் பார்த்து நாம் ‘கட்டை’ என்கிறோம்.

சரி, உதாரணத்துக்கு வருகிறேன். மேடையில் சொன்ன அந்த நேர்மைக் கதை. அதில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. இரண்டு வாரமாக என்னை அதிகம் உறுத்தியது உயரம் அல்ல, அதுதான்.

நாங்கள் இருவரும் ஒரே விரிவுரையாளரின் கீழ் கடைசி வருட ஆய்வு செய்தோம். செம்பனை எண்ணெய் ஆலைகளில் கொட்டிக் கிடக்கும் சாம்பலைச் சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலந்தால் கான்கிரீட் என்ன ஆகிறது என்பது தலைப்பு. அவன் வலிமையைச் சோதித்தான், நான் எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்று பார்த்தேன். வார்ப்பு இருவருக்கும் பொது. 15 செ.மீ. கனசதுரக் கட்டிகள், ஒவ்வொன்றும் எட்டு கிலோ. வார்த்து, மறுநாள் அச்சைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, 28-ஆவது நாள் எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். உடைகிற நேரத்துச் சுமையைப் பரப்பால் வகுத்தால் வலிமை. கான்கிரீட் நாளாக ஆக இறுகிக்கொண்டே போகும். அதனால்தான் எல்லோரும் 28 நாள் என்று ஒரே வயதில் ஒப்பிடுகிறார்கள்.

சாதாரணச் சிமெண்டுக் கட்டிகளை முதலில் வார்த்தோம். அவற்றைச் சரியாக 28-ஆவது நாள் உடைத்தோம். சாம்பல் கட்டிகளுக்கு 28-ஆவது நாள் தீபாவளி விடுமுறையில் விழுந்தது. ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. நாங்கள் தைப்பிங்கில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம். திரும்பிப்போய் உடைத்தபோது 35 நாள் ஆகிவிட்டது. முடிவு பிரமாதமாக இருந்தது. சாம்பல் கலந்த கட்டி சாதாரணக் கட்டியைத் தாண்டிவிட்டது!

அன்றிரவு அவன்தான் நாளை எண்ணிப் பார்த்தான். ஒரு வாரம் கூடுதல். சாம்பல் கலவைக்கு அந்த ஒரு வாரம் சாதாரண ஒரு வாரம் அல்ல. சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் சாம்பல் தன் வேலையைத் தொடங்கும். அது தாமதமாக நடக்கிற வேலை. எனவே கடைசி நாட்களில் சாம்பல் கலவைதான் அதிகமாக வலுக்கூடும். எங்கள் முடிவின் இனிப்பெல்லாம் அந்த ஏழு நாளில் இருந்திருக்கலாம். திரும்ப வார்க்க 28 நாள் வேண்டும். சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருந்தது.

“28ன்னு போடு” என்றேன் நான். “யாரு எண்ணப் போறா?” யாரும் எண்ணப் போவதில்லை, அது உண்மைதான். விரிவுரையாளருக்கு முப்பது மாணவர்கள்.

அவன் 35 என்று போட்டான். அவன் 35 போட்டால் அதே வார்ப்பிலிருந்து வந்த என் அட்டவணையும் 35 ஆக வேண்டும். ‘ஒப்பிட இயலாது’ என்று இருவர் முடிவுரையிலும் எழுத வேண்டியதாயிற்று. இருவருக்கும் மதிப்பெண் இறங்கியது. எனக்கு அது உதவித்தொகை நீட்டிப்பில் இடித்தது. நான் அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், அவன் வைத்த ரசத்தை ஊற்றிக்கொண்டே பேசாமல் இருந்தேன். “நேர்மையா இருக்கணும்னா உன் மார்க்ல இரு, என் மார்க்ல எதுக்கு இருக்குற” என்றுகூட ஒருநாள் சொன்னேன். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒருவனின் நல்ல குணத்துக்குப் பக்கத்தில் இருப்பவனும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கல்யாண மேடையில் யாரும் பெண்ணிடம் சொல்வதில்லை.

மேடையில் நான் என்ன செய்தேன்? ‘யாரும் கண்டுபிடிக்காதபோதும்’ என்றேன். மறைக்கச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. கதையில் நான் இல்லவே இல்லை. யாரோ தூரத்திலிருந்து பார்த்த மாதிரி. ஆனால் அந்தக் கதைக்குச் சாட்சி என்ற தகுதியே எனக்கு அந்த அறையில் நான் எதிர்ப்பக்கம் நின்றதால்தான் வந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘நல்ல பையன், நேர்மையான பையன்’. எந்த மாப்பிள்ளைக்கும் யாரும் சொல்லக்கூடிய நற்சான்றிதழ். கேட்பவர்கள் அதை ஆறுதல் பரிசாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் யாருக்கும் உயரம் ஞாபகம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்கும், அவனோடு வாழ்வது சில நேரம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

தலைமையாசிரியர் சொன்ன அச்சாணியையும் பார்த்துவிடுகிறேன். அது 667-ஆவது குறள். உருவத்தைப் பார்த்து ஒருவரை இகழாதே, பெரிய தேருக்குச் சின்ன அச்சாணி போல சிலர் இருப்பார்கள் என்பது அதன் பொருள். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் குள்ளமான மாப்பிள்ளைக்கு இதை யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். ஆனால் அது ‘வினைத்திட்பம்’ அதிகாரத்தில் இருக்கிறது. எடுத்த காரியத்தை முடிக்கிற உறுதியைப் பற்றிய அதிகாரம். ஒருவனை ஒரு வேலைக்கு எடைபோடும் இடத்தில் சொன்னது. அங்கே அது மிகச் சரி. இயந்திரம் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: அச்சாணி சின்னதாக இருந்தும் வேலை செய்கிறது என்பதல்ல விஷயம், அந்த ஓட்டைக்கு அந்த அளவுதான் சரி. பெரிதாக இருந்தால் உள்ளேயே போகாது. அதில் ‘ஆனால்’ கிடையாது. ஆனாலும் கல்யாணம் தேர் ஓட்டுவதல்ல. மனைவிக்குக் கணவன் எதற்குப் பயன்படுவான் என்பது முதல் கேள்வியாக இருக்க முடியாது.

அவள் கேட்ட கேள்விக்கு நெருங்கி வருவது என்று எனக்குத் தோன்றியது வேறொரு பழைய பாட்டு. கலித்தொகையின் 94-ஆவது பாடல். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். மருதக்கலியில் வருவது. ஒரு குறளனும் ஒரு கூனியும் வழியில் சந்திக்கிறார்கள். அவன் மயங்கிப் பேச, அவள் அவன் குள்ளத்தைக் கேலி செய்ய, அவன் அவள் கூனைக் கேலி செய்ய, சண்டை முற்றி, கடைசியில் இருவரும் கூடப்போகிறார்கள். கேட்பவர்களைச் சிரிக்க வைக்க எழுதியதுதான், அதை மறைக்க வேண்டாம். இன்றைக்கு யாராவது அப்படி எழுதினால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதில் ஒரு விஷயம் என் பேச்சில் இல்லாதது. அந்த இருவரில் யாரும் மற்றவரின் நல்ல குணத்துக்காக உடம்பை மன்னிக்கவில்லை. அந்த உடம்பைத்தான் விரும்புகிறார்கள்.

இவ்வளவும் யோசித்த பிறகும் ஒரு பக்கம் தீராமல் இருக்கிறது. அவன் அம்மா. பேச்சு முடிந்ததும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “முப்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தேன்யா” என்று மட்டும் சொன்னார். பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் காதில் விழுந்ததற்கு யாரோ ஒருவர் சபையில் எழுந்து பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதில் தர்க்கத்தில் ஓட்டை உள்ளது என்று அவரிடம் போய் நான் சொல்ல முடியுமா? அவருக்கு ‘ஆனா’ இல்லாத பேச்சு போதுமானதாக இருந்திருக்காது. உயரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், கட்டிகளைப் பற்றி மட்டும் பேசி இறங்கியிருந்தால், கூடாரத்து அத்தைகளுக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்றுதான் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். மகனும் மருமகளும் கேட்க விரும்பாததைத் தாய் கேட்க விரும்பினார். நான் மூன்று பேரையும் நினைத்துப் பேசவில்லை. அத்தைகளை நினைத்துத்தான் பேசினேன்.

போன வாரம் கல்யாண வீடியோ வெட்டுவதற்கு வந்தது. இரண்டரை மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்க வேண்டும். அவன் என்னைக் கூப்பிட்டு, “உன் பேச்ச என்னடா பண்றது?” என்று கேட்டான். டேப் வரியை எடுத்துவிடச் சொன்னேன். “அம்மா தேடுவாங்களே” என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டின் வரைவை எடுத்துப் பார்த்தேன். நான்காவது அத்தியாயம், முதல் அட்டவணை. ‘வயது (நாள்)’ என்ற பத்தியில் நான் 28 என்று தட்டச்சு செய்திருக்கிறேன். அதன்மேல் நீல மையில் ஒரு கோடு. பக்கத்தில் அவன் கையெழுத்தில், சின்னதாக, 35.

அதைப் படமெடுத்து இருவருக்கும் அனுப்பினேன். அவள்தான் முதலில் பதில் போட்டாள்: “அண்ணா, இது யாரு எழுத்து?”

தட்டச்சு செய்தது நான் என்று எழுதினேன்.